பில்லில் அளவும் விலையும் சேர்ந்து மாறியிருந்தால் கணக்குப் பிரிவுக்கு எழுதுவது எப்படி?

கேள்வி: ஐயா, நீடாமங்கலம் அருகே ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சம்பா அறுவடைக்காக 26 கிலோ அச்சிட்ட பிளாஸ்டிக் பைகள் 12,000 வேண்டுமென்று, பை ஒன்று 14.20 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்ற விலையில், பல வருடங்களாக எங்களுக்குப் பை தரும் திருச்சி நிறுவனத்திடம் ஆர்டர் கொடுத்தோம். சரக்கு ஜனவரி 13 அன்று வந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து எண்ணியபோது 500 பை கொண்ட பேல் 23 தான் இருந்தது. பில்லில் 12,000 பை, பை ஒன்று 15.20 ரூபாய், வரியுடன் மொத்தம் 2,15,232 ரூபாய் என்று இருக்கிறது. 23,128 ரூபாய் அதிகம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு இதை எப்படி எழுதுவது? பில் தொகை முழுவதையும் நிறுத்தி வைக்கலாமா?

பதில்:

கடிதத்தைத் தொடங்கும் முன் தொகையைத் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது 23,128 ரூபாய் அன்று, 22,538 ரூபாய். பை ஒன்றுக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்பதால் 12,000 பைக்கு 12,000 ரூபாய் என்றும், வராத 500 பைக்கு 15.20 வீதம் 7,600 ரூபாய் என்றும் வைத்து, இரண்டையும் கூட்டி, 18 சதவீத வரியைச் சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வராத அந்த 500 பைக்கான முழு பில் விலையையும் நீங்கள் ஏற்கெனவே திரும்பக் கேட்டுவிட்டீர்கள்; 15.20 என்ற விலைக்குள் அந்தக் கூடுதல் ஒரு ரூபாயும் அடங்கியிருக்கிறது. ஆகவே அதே 500 பைக்கு விலை வித்தியாசத்தை மறுபடியும் கேட்க முடியாது. விலை வித்தியாசம் உங்கள் கைக்கு வந்த 11,500 பைக்கு மட்டுமே பொருந்தும். அதாவது 11,500 ரூபாயும் 7,600 ரூபாயும் சேர்ந்து 19,100 ரூபாய். அதன் மேல் மத்திய ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 1,719 ரூபாய், மாநில ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 1,719 ரூபாய். மொத்தம் 22,538 ரூபாய்.

இந்த எண் சரிதானா என்பதை எதிர்ப்புறத்திலிருந்தும் போட்டுப் பாருங்கள். 11,500 பை, பை ஒன்று 14.20 ரூபாய் என்றால் 1,63,300 ரூபாய். வரி 29,394 ரூபாய். மொத்தம் 1,92,694 ரூபாய். பில் தொகையான 2,15,232 ரூபாயிலிருந்து இதைக் கழித்தால் மீதம் 22,538 ரூபாய். அளவும் விலையும் ஒரே பில்லில் மாறியிருக்கும்போது, வித்தியாசங்களைத் தனித்தனியாகக் கூட்டுவதோடு நிறுத்திவிடாமல், இருக்க வேண்டிய தொகையை முழுதாகப் போட்டு பில்லிலிருந்து கழித்துப் பார்த்தால்தான் இரட்டிப்பு தெரியவரும். உங்கள் கணக்கில் கூடியது 590 ரூபாய்தான். ஆனாலும் எதிர்த்தரப்புக் கணக்காளர் முதலில் செய்யப்போவது உங்கள் தொகையைச் சரிபார்ப்பதுதான். அது பிசகினால், நியாயமான 22,538 ரூபாயும் சேர்ந்து "மீண்டும் சரிபார்த்து அனுப்பவும்" என்ற ஒரு வரியோடு உங்களிடமே திரும்பிவிடும்.

இதில் இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோரிக்கைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால், அவர்கள் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டால் தொகை மாறும். 500 பை குறைவு என்பதை ஏற்று, 15.20 தான் சரியான விலை என்று அவர்கள் நிறுவினால், உங்களுக்கு வர வேண்டியது 7,600 ரூபாயும் அதன் வரி 1,368 ரூபாயும் சேர்ந்த 8,968 ரூபாய். மாறாக 24 பேலும் உங்களிடம் வந்து சேர்ந்ததாக நிறுவி, விலையை மட்டும் 14.20 என்று ஒப்புக்கொண்டால், ஒரு ரூபாய் வித்தியாசம் 12,000 பைக்கும் பொருந்தி, வரியுடன் 14,160 ரூபாய் வரும். இந்த இரண்டையும் கூட்டினால் நீங்கள் போட்ட 23,128 அப்படியே வருவதைக் காண்பீர்கள். தனித்தனியாக இரண்டும் சரி. சேர்த்துக் கேட்கும்போதுதான் பிழை ஆகிறது.

வரியைச் சேர்த்துக் கேட்பது உங்கள் ஆலைக்கு மிகவும் தேவையானது. 25 கிலோவுக்கு மேற்பட்ட பையில் விற்கும் அரிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, முன்கூட்டியே பொதிந்து பெயரிட்ட பைகளுக்கே 5 சதவீத வரி வந்தது. டெல்டா ஆலைகளில் 26 கிலோ பை இவ்வளவு பரவியதற்கும் அதுவே காரணம். வரியில்லாத பொருளை விற்பதற்காக வாங்கிய பையின் மீது கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியாது. எனவே பை பில்லில் இருக்கும் வரி உங்கள் முதலாளியின் கையிலிருந்து போகும் செலவு. மற்ற தொழில்களில் "வரியை எப்படியும் வரவு எடுத்துக்கொள்வீர்களே, அடிப்படைத் தொகையை மட்டும் தருகிறோம்" என்று விற்பவர் சொன்னால் வாங்குபவர் ஒப்புக்கொள்ள இடமுண்டு. உங்களுக்கு அப்படி ஒப்புக்கொண்டால் 3,438 ரூபாய் நஷ்டம். 5 கிலோ, 10 கிலோ பைகளும் நீங்கள் விற்பவராக இருந்தால் அந்தப் பைகளுக்கான வரி வேறு கணக்கு. இந்த 26 கிலோ பைகளுக்கு மேலே சொன்னதே பொருந்தும்.

இனி, எழுதுவதற்கு முன் இரண்டு விஷயங்களை உங்கள் ஆலைக்குள்ளேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். பிழை அவர்களுடையது என்று தோன்றுவதும், அது அவர்களுடையதுதான் என்று காட்ட முடிவதும் வேறு வேறு.

முதலாவது அளவு. லாரி ரசீதை, அதாவது எல்.ஆர். நகலை எடுத்து, அதில் எத்தனை பேல் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 23 என்று இருந்தால் வழக்கு ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். அவர்களுடைய கிடங்கு 23 ஏற்றியிருக்கிறது; பில் போட்டவர் ஏற்றியதைப் பார்க்காமல் ஆர்டரைப் பார்த்து 12,000 என்று போட்டிருக்கிறார். அறுவடைக் காலத்தில் பை நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கும். எல்.ஆரில் 24 என்று இருந்து, உங்கள் வாயிற்பதிவேட்டில் 23 என்று அன்றே எழுதப்பட்டிருந்தால், குறைவு வழியிலும் ஏற்பட்டிருக்கலாம். அப்போதும் எழுதலாம், ஆனால் லாரி நிறுவனத்தையும் சேர்த்து விசாரிக்குமாறு கேட்க வேண்டும். எல்.ஆரிலும் 24, உங்கள் ஆள் குறிப்பு எதுவும் எழுதாமல் "பெற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார், எண்ணியது ஆறு நாள் கழித்து என்றால், உங்கள் நிலை பலவீனமானது. அதை மறைக்காமல், சரக்கு வந்த நாள், எண்ணிய நாள், நடுவில் கிடங்கு பூட்டியிருந்த நாட்கள் ஆகியவற்றை எழுதிவிடுவதே நல்லது, கையெழுத்திட்ட எல்.ஆர். நகல் அவர்களிடமும் இருக்கும்.

எடை மேடைச் சீட்டு இருந்தால் அதையும் பாருங்கள். ஆர்டரில் பை ஒன்றின் எடை 70 கிராம் என்று குறித்திருந்தால், ஒரு பேல் 35 கிலோ. 24 பேல் 840 கிலோ, 23 பேல் 805 கிலோ. லாரியில் வேறு சரக்கு இல்லாமல் இருந்து, ஏற்றிய எடையும் இறக்கிய எடையும் இருந்தால் இது துணைச் சான்றாக நிற்கும். ஆனால் பெரிய எடை மேடையின் அளவில் 35 கிலோ மிகச் சிறிய வித்தியாசம் என்பதால், இதை மட்டுமே வைத்து வாதிட வேண்டாம்.

இரண்டாவது விலை. ஆர்டர் தாளில் 14.20 என்று இருப்பதோடு பார்வையை நிறுத்த வேண்டாம். கீழே நிபந்தனைகளில் "அனுப்பும் நாளின் விலையே பொருந்தும்" என்றோ, மூலப்பொருள் விலை மாறினால் பை விலையும் மாறும் என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று படியுங்கள். இந்தப் பைகள் பாலிபுரோப்பிலீனில் நெய்யப்படுபவை. அதன் விலை பெட்ரோலியச் சந்தையோடு ஏறி இறங்குவதால், பை நிறுவனங்கள் விலையை அவ்வப்போது மாற்றுவது வழக்கம். அச்சில் ஒரு நிறம் கூடியிருந்தாலும், உள்ளே மெழுகுத்தாள் போன்ற பூச்சு சேர்த்திருந்தாலும் விலை கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் முதலாளியிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். அவர்களுடைய விற்பனையாளர் தொலைபேசியில் "ஒரு ரூபாய் ஏறியிருக்கிறது" என்று சொல்லி, முதலாளியும் சரி என்று சொல்லியிருக்கலாம். அவசரத்தில் அது கணக்கு அறைக்கு வந்திருக்காது. அப்படிச் சொல்லியிருந்தால் விலைக் கோரிக்கையை விட்டுவிட்டு 8,968 ரூபாய்க்கு மட்டும் எழுதுங்கள்.

இரண்டும் உறுதியானபின் எண்களுக்கு வருவோம். கடிதத்தில் எத்தனை எண்களைக் கொடுக்கிறோம் என்பதைவிட, எந்த எண்ணை முதலில் கொடுக்கிறோம் என்பதே அதிகம் உதவும். எதிர்த்தரப்புக் கணக்காளர் உங்கள் கடிதத்தைப் படித்ததும் டாலியிலோ வேறு மென்பொருளிலோ ஓர் எண்ணை அடித்துத் தேடுவார்; அது அவர்களுடைய பில் எண். ஆகவே அதுவே முதலில், பில்லில் அச்சாகியிருக்கும் வடிவத்தில், சாய்கோடு, முன்னெழுத்து, பூஜ்யம் எதையும் விடாமல் வர வேண்டும். `PP/25-26/0417` என்று இருப்பதை "பில் எண் 417" என்று சுருக்கி எழுதக் கூடாது. பில் வரிசை நிதியாண்டுதோறும் புதிதாகத் தொடங்கக்கூடியது என்பதால் போன ஆண்டும் ஒரு 417 இருந்திருக்கும். பல வருட வாடிக்கையாளரான உங்கள் பெயரிலேயேகூட இருந்திருக்கலாம். பில் எண்ணோடு பில் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்தது உங்கள் ஜி.எஸ்.டி. எண், ஒரே பெயரில் இரண்டு ஆலைகள் டெல்டாவில் அபூர்வமல்ல, அந்தக் குழப்பத்தை இந்த எண் தீர்த்துவிடும். மூன்றாவது, நீங்கள் கொடுத்த ஆர்டரின் எண்ணும் தேதியும். விலையைப் பற்றிய பகுதி இதன் மேல்தான் நிற்கிறது. நான்காவது எல்.ஆர். எண், அளவைப் பற்றிய பகுதி அதன் மேல் நிற்கிறது. உங்கள் சொந்த வாயிற்பதிவு எண் அவர்களுக்குத் தேடப் பயன்படாது. ஆனால் நீங்கள் அன்றே பதிவு செய்தீர்கள் என்பதைக் காட்டும் என்பதால் கடைசியில் வரட்டும்.

மின்னணு பில்லாக இருந்தால் 64 எழுத்துகள் கொண்ட ஐ.ஆர்.என். எண் அதில் இருக்கும். அதைக் கையால் தட்டச்சு செய்து கடிதத்தில் சேர்க்க வேண்டாம். ஓர் எழுத்து மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது. பில் நகலை இணைத்தால் போதும். இ-வே பில்லின் 12 இலக்க எண்ணுக்கும் இதையே சொல்வேன்.

அந்த மின்னணு பில் காரணமாக, "பில்லைத் திருத்தி அனுப்புங்கள்" என்று கேட்பதும் பயன்படாது. பதிவான மின்னணு பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாமே தவிர, திருத்த முடியாது. நீங்கள் எண்ணும்போதே அந்த நேரம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு சட்டப்படி இருக்கும் வழி, அதே பில் எண்ணைக் குறிப்பிட்டு அவர்கள் ஒரு கிரெடிட் நோட் தருவது. எனவே கடிதத்தில் நீங்கள் கேட்க வேண்டியது கிரெடிட் நோட்டை. அதையும் "வரியுடன்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். வரியைத் தொடாமல் அடிப்படைத் தொகைக்கு மட்டும் தரப்படும் வணிக ரீதியான கிரெடிட் நோட் என்று ஒன்று உண்டு. அவர்களுக்கு அது எளிது, கணக்கு அறிக்கையில் எதுவும் மாற்ற வேண்டாம். உங்களுக்கு அது 3,438 ரூபாயை விட்டுக்கொடுப்பதாக முடியும்.

கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும் என்பது என் கருத்து. எண்களும் தேதிகளும் மாதிரிக்கானவை, உங்களுடையவற்றை இட்டுக்கொள்ளுங்கள்.

பொருள்: பில் `PP/25-26/0417`, தேதி 12-01-2026: அளவு, விலை வேறுபாடு ரூ. 22,538: சரிபார்க்க வேண்டுதல்

"கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கண்ட பில் (மொத்தம் ரூ. 2,15,232), 22-12-2025 தேதியிட்ட எங்கள் ஆர்டர் எண் 118-இன்படி அனுப்பப்பட்ட 26 கிலோ அச்சிட்ட பைகளுக்கானது. சரக்கு 13-01-2026 அன்று எல்.ஆர். எண் 5582-இன் கீழ் எங்கள் ஆலைக்கு வந்து சேர்ந்தது. பில்லை ஆர்டருடனும் எல்.ஆருடனும் ஒப்பிட்டதில் பின்வரும் இரு வேறுபாடுகளைக் காண்கிறோம்.

அளவு: பில்லில் 12,000 பைகள் (24 பேல்). எல்.ஆரிலும் எங்கள் வாயிற்பதிவிலும் (எண் 963) 23 பேல், அதாவது 11,500 பைகள். குறைவு 500 பைகள். பில் விலையான ரூ. 15.20 வீதம் ரூ. 7,600.

விலை: பில்லில் பை ஒன்று ரூ. 15.20. ஆர்டரில் ரூ. 14.20. வந்து சேர்ந்த 11,500 பைகளுக்கு வேறுபாடு ரூ. 11,500.

இரண்டும் சேர்ந்து ரூ. 19,100, மத்திய ஜி.எஸ்.டி. ரூ. 1,719, மாநில ஜி.எஸ்.டி. ரூ. 1,719, ஆக மொத்தம் ரூ. 22,538. எங்கள் கணக்கின்படி இந்தச் சரக்குக்கு நாங்கள் செலுத்த வேண்டியது ரூ. 1,92,694. அதை உரிய தேதியில் செலுத்திவிடுகிறோம்.

உங்கள் கிடங்குப் பதிவையும் ஆர்டர் நகலையும் பார்த்து, எங்கள் கணக்கு சரியெனில், மேற்கண்ட பில் எண்ணைக் குறிப்பிட்டு ரூ. 22,538-க்கு ஜி.எஸ்.டி.யுடன் கூடிய கிரெடிட் நோட் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். விலை மாற்றம் குறித்து எங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால், அந்தக் கடிதம் அல்லது செய்தியின் நகலை அனுப்பினால் நாங்களும் சரிபார்த்துக்கொள்கிறோம். குறைந்த பேலைப் பின்னர் அனுப்புவதாக இருந்தால், அனுப்பும் முன் தெரிவிக்கவும்.

இணைப்பு: பில், ஆர்டர், எல்.ஆர்., வாயிற்பதிவுப் பக்கம் ஆகியவற்றின் நகல்கள்."

பொருள் வரியிலேயே தொகையை வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு நூறு மின்னஞ்சல் வரும் மேசையில், எண்ணும் தொகையும் வெளியே தெரியும் கடிதத்தைத்தான் முதலில் திறப்பார்கள். உடலில் யாரையும் குறை சொல்லவில்லை. பில்லில் இது, எல்.ஆரில் இது என்று இரண்டு தாள்களை அருகருகே வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். "கவனக்குறைவு", "தொடர்ந்து இப்படியே நடக்கிறது" என்ற சொற்கள் வந்தால், பல வருட உறவு ஒருபுறம் இருக்க, படிப்பவர் தன் பிரிவைக் காப்பாற்றிக்கொள்ளும் பதிலை எழுதத் தொடங்கிவிடுவார். அளவையும் விலையையும் தனிப் பத்திகளாகப் பிரித்ததற்கும் காரணம் உண்டு: அளவை அவர்களுடைய கிடங்கும் விலையை விற்பனைப் பிரிவும் உறுதி செய்ய வேண்டும். கணக்காளர் அந்தந்தப் பத்தியை அந்தந்த இடத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்.

இதை பில்லில் அச்சாகியிருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பி, அவர்களுடைய விற்பனையாளருக்கும் உங்கள் முதலாளிக்கும் நகல் போடுங்கள். விற்பனையாளருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அவர் கணக்குப் பிரிவுக்குச் சொல்லாமல் விட்டால், உங்களிடம் தேதியிட்ட சான்று எதுவும் இருக்காது. தொலைபேசியில் பேசினாலும், பேசிய அன்றே "இன்று பேசியபடி" என்று தொடங்கி இரண்டு வரி அதே மின்னஞ்சலுக்குத் தொடர்ச்சியாக அனுப்பிவிடுங்கள்.

முழுத் தொகையையும் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். 1,92,694 ரூபாயைப் பற்றி உங்களுக்கே சந்தேகம் இல்லாதபோது அதைப் பிடித்து வைப்பது நியாயமும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது. அந்த நிறுவனம் குறு அல்லது சிறு தொழிலாகப் பதிவானதாக இருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேற்படாமலும் பணம் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். அதே சட்டம் வாங்குபவருக்கும் ஒரு பாதுகாப்பைத் தருகிறது: சரக்கை ஏற்பது குறித்த ஆட்சேபத்தைச் சரக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்திருந்தால், அந்த ஆட்சேபத்தை விற்பவர் தீர்த்த நாளிலிருந்தே காலக்கெடு எண்ணப்படும். உங்களுக்கு அந்த 15 நாள் ஜனவரி 28-இல் முடிகிறது. பேல் குறைவு இந்த வகையில் அடங்கும்; விலை வேறுபாட்டை இதில் அடக்க முடியும் என்று நம்பி இருக்க வேண்டாம். பொங்கல் விடுமுறை ஏற்கெனவே சில நாட்களை எடுத்துக்கொண்டுவிட்டதால், இந்த வாரமே கடிதம் போய்விட வேண்டும்.

பணம் அனுப்பும்போது, பில் எண்ணையும் "ரூ. 22,538 நிலுவையில், கடிதம் இன்ன தேதி" என்ற குறிப்பையும் தனி மின்னஞ்சலில், வங்கிப் பரிமாற்ற எண்ணுடன் அனுப்புங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் 1,92,694 ரூபாய் போய்ச் சேர்ந்தால், அவர்களுடைய மென்பொருள் அதை உங்களுடைய பழைய பில் எதிலாவது கழித்துவிடும். பிறகு எந்த பில்லில் எவ்வளவு பாக்கி என்பதைப் பிரித்தெடுப்பதே தனி வேலையாகிவிடும்.

உங்கள் புத்தகத்தில் அந்த பில்லை 1,92,694 என்று பதிவு செய்ய வேண்டாம். பில்லில் உள்ளபடி 2,15,232 ரூபாயை அவர்கள் கணக்கில் வரவு வைத்துவிட்டு, 22,538 ரூபாய்க்கு ஒரு டெபிட் நோட்டைத் தனிப் பதிவாகப் போடுங்கள். அப்போதுதான் இரண்டு நிறுவனங்களின் லெட்ஜரையும் அருகில் வைத்துப் பார்க்கும்போது பில் வரி பில்லோடு பொருந்தி, வித்தியாசம் அந்த ஒரே வரியில் தெரியும். அவர்களுடைய கிரெடிட் நோட் வந்ததும் அதன் எண்ணை அந்தப் பதிவின் குறிப்பில் எழுதிவிடலாம்.

கிரெடிட் நோட் வந்தால் மூன்றைப் பாருங்கள்: அதில் மூல பில்லின் எண்ணும் தேதியும் இருக்கிறதா, வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, தொகை 22,538 தானா. 19,100 என்று மட்டும் வந்தால் உடனே அதே மின்னஞ்சல் தொடரில், 26 கிலோ பைக்கு எங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு இல்லை என்ற காரணத்தைச் சொல்லி, வரியுடன் தருமாறு கேளுங்கள். அவர்களுக்கும் இதில் இழப்பு இல்லை. வரியுடன் தந்த கிரெடிட் நோட்டை அந்த மாத ஜி.எஸ்.டி. அறிக்கையில் காட்டி, கட்ட வேண்டிய வரியை அவர்கள் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஜனவரி 2026-இல் போட்ட பில்லுக்கு இப்படிக் காட்டுவதற்கான கடைசி நாள் 2026 நவம்பர் 30. அவர்கள் அதற்கு முன் ஆண்டறிக்கை தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளோடு முடிந்துவிடும். அந்தக் கெடு தாண்டிய பிறகு வரிப்பகுதியைத் திரும்பத் தர அவர்களுக்கு வழியிருக்காது.

குறைந்த பேலை அனுப்பிவிடுகிறோம் என்று பதில் வந்தால், மகிழ்ச்சியோடு ஏற்கலாம், அறுவடை நேரத்தில் பை தேவைப்படும். ஆனால் அது புதிய பில்லோடு வரக் கூடாது. பழைய பில் எண்ணைக் குறிப்பிட்ட டெலிவரி சலானோடு வர வேண்டும். வந்தபின் மீதமுள்ள கோரிக்கை விலை வித்தியாசம் மட்டுமே. 12,000 பைக்கும் சேர்த்து, வரியுடன் 14,160 ரூபாய். அந்த மாற்றத்தையும் பேல் வந்த அன்றே எழுதி அனுப்பி, முதல் கடிதத்தின் 22,538 ரூபாய்க்குப் பதிலாக இது என்று குறிப்பிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே 1,92,694 ரூபாய் செலுத்தியிருந்தால், 500 பைக்கு ஆர்டர் விலைப்படி 7,100 ரூபாயும் வரி 1,278 ரூபாயும் சேர்த்து 8,378 ரூபாய் அப்போது நீங்கள் அவர்களுக்குத் தர வேண்டியதாகும்.

பதில் மின்னஞ்சலில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பவும்" என்று ஒரு வரி வந்தால், அதன்படி செய்யாதீர்கள். பில் பற்றிய கடிதப் போக்குவரத்தை ஒட்டுக்கேட்டு, நடுவில் நுழைந்து வங்கி எண்ணை மாற்றும் மோசடி நடந்துகொண்டிருக்கிறது. பழைய பில்லில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேட்டு உறுதி செய்தபிறகே பணத்தை அனுப்புங்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்க வேண்டாம்.

பதிலே வராமல் இருந்தால் ஒரு வாரம் பொறுத்து, அதே மின்னஞ்சலின் மேல் பில் எண்ணையும் தொகையையும் மட்டும் சொல்லி நினைவூட்டுங்கள். புதிதாக ஒரு கடிதம் தொடங்கினால் இணைப்புகள் பிரிந்து போகும். அதன்பிறகும் அசைவில்லை என்றால் விற்பனையாளர் வழியாக முதலாளியைப் பேசச் செய்யுங்கள். மார்ச் 31 வரை தீராவிட்டால், ஆண்டு முடிவில் அவர்கள் அனுப்பும் நிலுவை உறுதிக் கடிதத்தில் அவர்கள் காட்டும் பாக்கிக்கு அப்படியே கையெழுத்திட்டு அனுப்பிவிடாதீர்கள். அதிலேயே "பில் `PP/25-26/0417` தொடர்பாக ரூ. 22,538 எங்கள் கணக்கின்படி கழிக்கத்தக்கது, எங்கள் கடிதம் காண்க" என்று உங்கள் கடிதத்தின் தேதியோடு எழுதி, அதன் கீழ் கையெழுத்திடுங்கள்.